பூட்டிய போனில் பிரித்து வைத்த கடிதம்

எனக்குத் தெரிந்த ஒரு பெண் தனியார் அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்தார். வேறொரு நிறுவனத்தில் வேலைக்கு விண்ணப்பித்து, இரண்டு சுற்று நேர்காணலும் முடித்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் மதியம் போனை மேஜையில் சார்ஜில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். போன் பூட்டித்தான் இருந்தது. கைரேகை, ஆறு இலக்க எண் எல்லாம் போட்டு வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்துத் திரை ஒளிர்ந்தது. புது நிறுவனத்தின் பெயர், அடுத்து Offer Letter என்ற தலைப்பு, அதற்குக் கீழே சம்பளத் தொகையோடு இரண்டு வரி. ஏதோ வவுச்சரில் கையெழுத்து வாங்க வந்த மேலாளர் மேஜையருகில் நின்றிருந்தார். அந்த மெயிலை முதலில் படித்தவர் அவர்தான்.

மேலாளரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்ணெதிரே எழுத்து வந்து நின்றால் யாரும் படித்துவிடுவோம். அந்தப் பெண்ணும் கவனக்குறைவாக இல்லை. அப்படியானால் பூட்டு என்னதான் செய்துகொண்டிருந்தது?

மெயில் வந்ததும் மெயில் ஆப் ஒரு அறிவிப்பைத் தயாரித்துப் போனின் இயங்குதளத்திடம் கொடுக்கிறது. அனுப்பியவர் பெயர், தலைப்பு, கடிதத்தின் முதல் சில சொற்கள் ஆகிய மூன்றும் அதில் இருக்கும். இயங்குதளம் அதை அப்படியே பூட்டுத் திரைமேல் காட்டுகிறது. நாம் போட்ட பூட்டு ஆப்புக்குள் யாரும் நுழையாமல் காக்கும். ஏற்கெனவே வெளியே வந்துவிட்ட வரிகளை அது காக்காது. வீட்டைப் பூட்டிவிட்டு, வந்த கடிதத்தைத் திண்ணையில் பிரித்து வைத்தது போலத்தான்.

இதில் மெயில் கூடுதல் ஆபத்து. வாட்ஸ்அப்பில் முதல் வரி பெரும்பாலும் "அண்ணா, ஃப்ரீயா?" என்று இருக்கும். மெயில் எழுதுபவர்களோ விஷயத்தைத் தலைப்பிலேயே வைத்துவிடுவார்கள். பரிசோதனைக்கூடம் பரிசோதனையின் பெயரை எழுதும், வங்கி கடன் தவணை தவறியதை எழுதும். நிறுவனங்கள் மொத்தமாக அனுப்பும் மெயில்களில், இந்த முன்னோட்டத்தில் தெரிவதற்காகவே முதல் வரியைத் தனியாக யோசித்து எழுதுவதும் உண்டு. கடிதத்தின் சாரமே திரைக்கு வந்துவிடுகிறது.

யார் எதைப் படித்தார்கள் என்ற சங்கடத்தோடு இது முடிவதில்லை. உங்கள் போன் ஐந்து நிமிடம் இன்னொருவர் கையில் இருக்கிறது, அவருக்கு உங்கள் மெயில் முகவரி தெரியும் என்று வைத்துக்கொள்வோம். அவர் தன் போனில் ஏதோ ஒரு தளத்தைத் திறந்து, உங்கள் முகவரியைப் போட்டு, கடவுச்சொல் மறந்துவிட்டது என்று அழுத்துகிறார். அந்தத் தளம் உங்களுக்கு ஒரு எண்ணை மெயிலிலோ எஸ்எம்எஸ்ஸிலோ அனுப்புகிறது. அது பூட்டுத் திரையில் வந்து விழுகிறது. பார்த்து, அங்கே அடித்துவிட்டால் அந்தக் கணக்கு அவருடையது. உங்கள் போனை அவர் திறக்கவே இல்லை.

இதை அடைக்க ஒரே ஒரு அமைப்பை மாற்றினால் போதும். ஐபோனில் Settings திறந்து Notifications உள்ளே போனால் Show Previews என்று இருக்கும். Always என்றால் பூட்டியிருந்தாலும் எழுத்து தெரியும். When Unlocked என்றால் போன் உங்களை அடையாளம் கண்ட பிறகே தெரியும். Never என்றால் முன்னோட்டமே கிடையாது. When Unlocked போதும் என்பது என் கருத்து. மெயில் வந்திருக்கிறது என்று தெரியும், போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தால் வரிகள் விரியும். 2017-இல் வந்த ஐபோன் எக்ஸ் முதல், முகம் பார்த்துத் திறக்கும் ஐபோன்களில் ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் அமைந்திருக்கும். கைரேகையில் திறக்கும் ஐபோன் வைத்திருப்பவர்கள் தாங்களே மாற்ற வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: அதே Notifications பக்கத்தில் கீழே ஒவ்வொரு ஆப்புக்கும் தனியாகவும் ஒரு Show Previews உண்டு. பொது அமைப்பை மாற்றியும் மெயில் மட்டும் தெரிந்துகொண்டிருந்தால் அங்கே Always என்று இருக்கிறதா பாருங்கள்.

ஆண்ட்ராய்டில் பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பிக்சல் போன்ற போன்களில் Settings, Notifications வழியே போனால் Sensitive notifications என்ற பொத்தான் கிடைக்கும். அதை அணைக்க வேண்டும். சாம்சங்கில் Lock screen notifications என்ற பக்கத்துக்குள் எழுத்தை மறைக்கும் தேர்வு இருக்கும். எங்கே என்று தெரியாவிட்டால் Settings மேலே உள்ள தேடல் பெட்டியில் lock screen என்று அடியுங்கள். திரையை வெறுமனே தள்ளித் திறக்கும் போனில் இதனால் பயனில்லை. எண்ணோ கோலமோ கைரேகையோ போட்டிருக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து, அறிவிப்புகள் பொது, அந்தரங்கம், ரகசியம் என மூன்று வகை. எந்த அறிவிப்பு எந்த வகை என்று குறிப்பவர் ஆப்பை எழுதியவர். ஒன்றும் குறிக்காவிட்டால் அந்தரங்கம் என்று கொள்ளப்படும், நீங்கள் மாற்றிய அமைப்பு அதை மறைக்கும். பொது என்று குறித்திருந்தால் மறைக்காது. ஆகவே அமைப்பை மாற்றியதோடு விடாமல் சோதித்துப் பாருங்கள். வீட்டில் இன்னொருவர் மெயிலிலிருந்து உங்களுக்கு ஒரு மெயில் அனுப்பச் சொல்லுங்கள். போனைப் பூட்டி மேஜையில் வைத்து, கைரேகை வைக்காமல், முகம் காட்டாமல் பக்கவாட்டில் நின்று பாருங்கள். எஸ்எம்எஸ்ஸுக்கும், வாட்ஸ்அப்புக்கும், வங்கி ஆப்புக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள்.

சோதனையில் தேறினாலும் சில வாசல்கள் திறந்தே இருக்கும். வீட்டில் இருக்கும்போது பூட்டாமலே இருக்கட்டும் என்று ஆண்ட்ராய்டில் ஒரு வசதி உண்டு. அதைப் போட்டிருந்தால் வீட்டார் முன்னால் எதுவும் மறையாது. முகம் பார்த்துத் திறக்கும் போன் உங்கள் பார்வை பட்டதும் வரிகளை விரிக்கும், பக்கத்தில் அமர்ந்திருப்பவரும் அதைப் படிக்கலாம். போனோடு இணைத்த கடிகாரம், கார்த் திரை, அலுவலகக் கணினி ஆகியவற்றுக்குத் தனி அமைப்புகள். எஸ்எம்எஸ்ஸில் வரும் எண்ணோ சிம்மைத் தேடி வருவது. சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் அங்கே வரும். சிம்முக்கென்று தனியாக ஒரு பின் எண் வைத்தால்தான் அது தடைபடும். சில ஆப்களில் எழுத்து மறைந்தாலும் அனுப்பியவர் பெயர் மறையாது. கருத்தரிப்பு மையத்தின் பெயரோ மனநல மருத்துவரின் பெயரோ வந்தால் அதற்கு மேல் படிக்க ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட அஞ்சலை எதிர்பார்க்கும் நாட்களில், அந்த மெயில் கணக்கின் அறிவிப்பையே பூட்டுத் திரையிலிருந்து எடுத்துவிடுவதுதான் சரி.

இத்தனையும் பெறுபவர் தலையில் விழுவதுதான் எனக்கு வருத்தம். அனுப்புபவர்கள் நினைத்தால் பாதி வேலை குறையும். மருத்துவமனையிலோ பரிசோதனைக்கூடத்திலோ மனிதவளப் பிரிவிலோ மெயில் அனுப்பும் பொறுப்பில் நீங்கள் இருந்தால் தயவுசெய்து தலைப்பில் "உங்கள் அறிக்கை தயார்" என்று மட்டும் எழுதுங்கள். பரிசோதனையின் பெயரும் சம்பளத் தொகையும் முதல் இரண்டு வரிக்குள் வர வேண்டாம்.