தம்பி வந்தாலும் ‘யோ’ வேண்டும்

கொரிய வேலைக்கான மொழிப் பரீட்சைக்குப் படித்தபோது, முதலாளியிடம் ‘தம்பி வந்தான்’ என்று சொல்வதை மொழிபெயர்க்கத் தந்தார்கள். ‘தொங்செங்-இ வாஸ்ஸொ’ என்று எழுதினேன். தம்பிக்கு மரியாதை எதற்கு என்று கடைசி ‘யோ’வை விட்டிருந்தேன். அது பிழை. தமிழில் ‘வந்தான்’, ‘வந்தார்’ வந்தவருக்குரிய மரியாதையைக் காட்டும். கொரிய ‘யோ’ கேட்பவருக்குரியது. அதை விட்டால் முதலாளியிடமே மரியாதையின்றிப் பேசியதாகிவிடும்.

பெயரோடு சேரும் உருபும் என்னைக் குழப்பியது. ‘யார் வந்தது?’ என்று கேட்டால் ‘தொங்செங்-இ வாஸ்ஸொயோ’, அதாவது தம்பிதான் வந்தான். ‘தொங்செங்-உன் வாஸ்ஸொயோ’ என்றால், தம்பி என்றால் வந்துவிட்டான், மற்றவர்கள் கதை வேறு. ஆனால் ‘தான்’ வராத இடத்திலும் முதல் உருபு வரும். மழை வருகிறது என்று புதிதாகச் சொல்லும்போது ‘பி-கா வாயோ’. உயிரொலிக்குப் பின் ‘இ’ இப்படிக் ‘கா’ ஆகும்.