விசா மின்னஞ்சலில் ஒரு தேதி

சென்னை நிறுவனம் ஒன்று நியூ ஜெர்சிக்கு அனுப்பிவைத்த பொறியாளர் ஒருவரின் மின்னஞ்சலை எடுத்துக்கொள்வோம். எச்-1பி விசா நீட்டிப்புத் தாள் தாமதமானதால், மே 22 வியாழன் இரவு எட்டு மணிக்குத் தலைமை அலுவலகத்துக்கு அவர் எழுதியது இவ்வளவுதான்: 'என் விசா 06/05/2025 அன்று முடிகிறது. தாள் இன்னும் வரவில்லை. அதன்பின் வேலை செய்ய முடியாது. நாளைக்குள் ஆவன செய்யவும்.'

எழுத்துப்பிழை எதுவும் இல்லை. ஆனாலும் இதை அப்படியே அனுப்பக் கூடாது.

முதல் சிக்கல் தேதியில். அமெரிக்கத் தாள்களில் மாதம் முதலில் வரும். அவர் பார்த்து எழுதியது ஜூன் 5. சென்னையில் நாளை முதலில் எழுதுவதால் மனிதவளப் பிரிவில் அது மே 6 ஆகிவிடும். அதாவது, கெடு முடிந்து இரண்டு வாரம் கடந்த ஊழியர் என்று நினைத்துப் பதறுவார்கள். மாதத்தின் பெயரை எழுத்தில் போட்டால் இந்தக் குழப்பமே வராது. 'நாளை' என்ற சொல்லும் அப்படித்தான். அவர் அனுப்பும்போது சென்னையில் வெள்ளி அதிகாலை ஐந்தரை மணி. காலையில் படிப்பவருக்கு நாளை என்பது சனிக்கிழமை.

அடுத்து, எந்தத் தாள்? பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா, அமெரிக்காவுக்குள் நுழைவதற்கு. அங்கே எதுவரை தங்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94. நீட்டிப்பு மனுவை நிறுவனமே தாக்கல் செய்கிறது. மனு சேர்ந்ததற்கான ரசீது ஐ-797சி, ஒப்புதல் வந்தால் ஐ-797ஏ. 'தாள்' என்று மட்டும் எழுதினால் இவற்றில் எதைத் தேடுவது?

மூன்றாவது வாக்கியம்தான் மிகவும் ஆபத்தானது. ஐ-94 முடியும் முன்பே மனு முறையாகத் தாக்கலாகியிருந்தால், முடிவு வராவிட்டாலும் அதே நிறுவனத்தில் 240 நாள் வரை வேலையைத் தொடரலாம். அவசரத்தில் எழுதிய ஒரு வரியை நம்பி அலுவலகம் அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தால், இழப்பு அவருக்குத்தான்.

திருத்தியபின் கடிதம் இப்படி இருக்கும்: 'என் ஐ-94 ஜூன் 5, 2025 அன்று முடிகிறது. நீட்டிப்பு மனு தாக்கலாகிவிட்டதா, எந்தத் தேதியில்? ஆகியிருந்தால் ஐ-797சி ரசீதின் நகலை மே 23 வெள்ளி, இந்திய நேரம் மாலை 6 மணிக்குள் அனுப்புங்கள். இல்லையென்றால் எப்போது தாக்கல் செய்வீர்கள் என்று தெரிவியுங்கள்.' 'ஆவன செய்யவும்' போய்விட்டது. யார் எதைச் செய்ய வேண்டும் என்பது அந்த இடத்தில் வந்துவிட்டது.

பிறகு ரசீது எண்ணைக் குறிப்பிட நேர்ந்தால், தாளைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். மூன்று எழுத்து, பத்து இலக்கம். IOE என்று தொடங்கும் எண்ணில் நடுவில் இருப்பது ஆங்கில எழுத்து, பூஜ்யம் அல்ல.