13 வயதுப் பையனுக்கு 11 வயது எலும்பு

எட்டாம் வகுப்புப் பையன். வயது 13, உயரம் 138 செ.மீ. இடது கையை மணிக்கட்டோடு சேர்த்து எக்ஸ்ரே எடுத்து வரச் சொல்கிறார் டாக்டர். உயரம் குறைவு என்று போனால் கையைப் படமெடுக்கச் சொல்கிறாரே என்று பெற்றோர் குழம்புவதுண்டு.

கையில் சிறு எலும்புகள் ஏராளம். ஒவ்வொன்றும் குருத்தெலும்பாகத் தொடங்கி, தனக்குரிய பருவத்தில் கெட்டிப்படுகிறது. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. கெட்டிப்பட்டது மட்டுமே வெள்ளையாகத் தெரியும். அதனால் ஒரே படத்தில் எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம். கதிர்வீச்சோ மிக மிகக் குறைவு, ஒருநாள் வெளியில் நடமாடினால் இயற்கையாகவே நம் உடம்பில் படுவதைவிடக் குறைவு.

படத்தை எதனோடு ஒப்பிடுவது? கிரூலிக், பைல் என்ற இரு அமெரிக்கர்கள் 1950இல் வெளியிட்ட அட்லஸ்தான் இன்றும் பரவலாகப் புழங்குகிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக, வயதுவாரியாக இடது கைப் படங்கள் அதில் உண்டு. பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு மணிக்கட்டு எலும்புகளைவிட விரல் எலும்புகளே நம்பகமான சாட்சி. விரல் எலும்பின் நுனித்துண்டு தண்டின் அகலத்துக்கு விரிந்துவிட்டதா, ஓரங்கள் தண்டின் மேல் கவிழத் தொடங்கியதா, இடையே கறுப்புக் கோடாகத் தெரியும் வளர்ச்சித் தகடு மூடிவிட்டதா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். கட்டைவிரல் அடியில் எள்ளளவு எலும்பு ஒன்று, ஆண்பிள்ளைகளுக்கு 13 வயதை ஒட்டித் தோன்றும். நம் பையனின் படத்தில் அது இல்லை; தகடுகளும் நன்றாகத் திறந்திருக்கின்றன. 11 வயதுப் படத்தோடுதான் அவன் கை பொருந்துகிறது.

இரண்டு ஆண்டு பின்தங்கல் என்றதும் பயம் வரும். அந்த வயதில் முன்பின் ஓராண்டு வித்தியாசம் சகஜம், இரண்டு என்பது எல்லைக்கோடு. ஒரே படத்தைப் பார்க்கும் இரு நிபுணர்கள்கூட அரையாண்டு மாறிச் சொல்வார்கள். இதைவிட முக்கியம், தைராய்டு குறைவு, வளர்ச்சி ஹார்மோன் குறைவு, சத்துக்குறைவு எதுவானாலும் எலும்பு வயது பின்தங்கும். படம் காரணத்தைச் சொல்வதில்லை. நோயா, வெறும் தாமதமா என்று பிரித்துக் காட்டுவது வளரும் வேகம்தான். பருவமடையாத பையன் ஆண்டுக்கு ஐந்து செ.மீ. அளவில் வளர்ந்துகொண்டிருந்தால் கவலை பெரும்பாலும் தணியும். நான்குக்கும் கீழே இறங்கினால் ரத்தப் பரிசோதனை தள்ளிப்போடக் கூடாதது. பள்ளியில் ஆண்டுதோறும் குறித்த உயரம் இருந்தால் டாக்டரிடம் அவசியம் காட்டுங்கள்.

இந்தப் பையன் போன ஆண்டு ஐந்து செ.மீ. வளர்ந்திருக்கிறான். பருவ மாற்றம் இன்னும் தொடங்கவில்லை. அப்பாவும் பத்தாம் வகுப்புக்குப் பிறகே உயர்ந்தவராம். 138 செ.மீ. 11 வயதுக்கு ஏற்ற உயரமே. அந்த எலும்பு வயதில் பையன்கள் தங்கள் இறுதி உயரத்தில் சுமார் 82 சதவீதத்தை எட்டியிருப்பார்கள் என்று வைத்தால், இவன் 168 செ.மீ. அருகே வரக்கூடும், ஐந்து செ.மீ. கூடலாம், குறையலாம். இப்போதைக்கு ஊசியும் மருந்தும் வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரம் அளந்து, ஓராண்டு கழித்து மறுபடி ஒரு படம் எடுத்தால் போதும்.