காலேஜ்ல 'மீடியம் சர்டிபிகேட்' கேட்கப் போறீங்களா? கடிதத்தில் இந்த ஒரு வரியை விட்டுடாதீங்க!

பிரிட்டன், அயர்லாந்துனு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும்போது, ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்ணுக்குப் பதிலா 'மீடியம் ஆஃப் இன்ஸ்ட்ரக்‌ஷன் சர்டிபிகேட்' போதும்னு சில இடங்களில் சொல்வாங்க. பட்டப்படிப்பை ஆங்கில வழியில்தான் படிச்சீங்கன்னு கல்லூரி தரும் சான்று அது. ஆனா கல்லூரி ஆபீஸ்ல போய் வாயால கேட்டா, பெரும்பாலும் பழைய போனஃபைட் மாதிரியில் இரண்டு வரி டைப் பண்ணித் தருவாங்க. அது பல நேரம் போதாது. அதனால கடிதத்திலேயே என்ன வேணும்னு எழுதிக் கொடுக்கணும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். மயிலாப்பூரில் ஒரு கல்லூரியில் 2019-ல் பி.காம். சேர்ந்து 2022-ல் முடித்த மாணவி. இப்போ தி.நகரில் வேலை. பிரிட்டனில் எம்.எஸ்சி. படிக்க விண்ணப்பிக்கிறார். அவருடைய மதிப்பெண் பட்டியலில் முதல் வரியே 'தமிழ்'. காரணம், சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் பகுதி 1 மொழிப்பாடம், பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3-ல்தான் முக்கியப் பாடங்கள்.

சான்றிதழில் 'முழுப் படிப்பும் ஆங்கிலத்தில்' என்று மட்டும் இருந்து, மதிப்பெண் பட்டியலில் தமிழ் இருந்தா, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பவருக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்? 'பகுதி 1 மொழிப்பாடம் நீங்கலாக' என்ற வரி அந்தக் கேள்வியை முதலிலேயே அடைத்துவிடும். அதுதான் உண்மையும்கூட.

இன்னொரு வார்த்தையும் முக்கியம்: 'தேர்வு'. வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் தேர்வைத் தமிழில் எழுத நம்ம ஊரில் வாய்ப்பு உண்டு. ஆங்கில வழி மாணவர்களும் தாய்மொழியில் தேர்வு எழுத அனுமதிக்கலாம்னு யுஜிசியே 2023-ல் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. அதனால 'பயிற்று மொழியும் தேர்வு மொழியும் ஆங்கிலம்' என்று இரண்டையும் கேட்டு வாங்குங்க.

கடிதம் இப்படி இருக்கலாம்:

'மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, வணக்கம். நான் தங்கள் கல்லூரியில் 2019 முதல் 2022 வரை பி.காம். பயின்றேன். என் பதிவு எண் (…). வெளிநாட்டில் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க, பகுதி 1 மொழிப்பாடம் நீங்கலாக, என் படிப்பின் பயிற்று மொழியும் தேர்வு மொழியும் ஆங்கிலம் எனச் சான்று தேவைப்படுகிறது. சான்றிதழ் கல்லூரியின் லெட்டர்ஹெட்டில், தேதி, முத்திரை, கையொப்பமிடுபவரின் பெயர், பதவி, கல்லூரியின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சல் முகவரியுடன் அமையுமாறு வேண்டுகிறேன். பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பாஸ்போர்ட் நகல்களை இணைத்துள்ளேன்.'

பாஸ்போர்ட் எதுக்குன்னு கேட்கலாம். மார்க்‌ஷீட்டில் இனிஷியல் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசா சர்நேமா இருக்கும். வெளிநாட்டில் பார்ப்பவருக்கு அது இரண்டு பேர் மாதிரி தெரியலாம். இரண்டு வடிவத்தையும் சான்றிதழில் குறிப்பிடச் சொன்னா பிரச்சினை இல்ல. மின்னஞ்சல் முகவரி கேட்பதும் சும்மா இல்ல. சான்று உண்மையானதான்னு சில பல்கலைக்கழகங்கள் நேரடியா கல்லூரிக்கே எழுதிக் கேட்கும்.

தமிழ் வழியில் படித்தவங்க இந்தச் சான்றைக் கேட்க முடியாது. அரசு கல்லூரிகளில் ஒரே பாடத்துக்குத் தமிழ் வழி, ஆங்கில வழி என இரண்டு பிரிவுகள் உண்டு. எந்தப் பிரிவு என்பதைப் பதிவேட்டில் பார்த்துதான் தருவாங்க. அரசு வேலையில் 20 சதவீத ஒதுக்கீட்டுக்கு வாங்கும் 'பிஎஸ்டிஎம்' சான்றிதழ் இதற்கு நேர் எதிரானது. இரண்டும் பயிற்று மொழி பற்றியதுதான் என்பதால் ஆபீஸில் குழப்பம் வரலாம், எது வேணும்னு தெளிவா சொல்லிடுங்க.

இந்தச் சான்று எல்லா இடத்திலும் செல்லாது. ஆஸ்திரேலிய மாணவர் விசாவுக்கு இந்தியக் கல்லூரியின் மீடியம் சான்று ஆங்கிலத் தேர்வுக்கு மாற்று ஆகாது. பிரிட்டனில் பட்டப்படிப்புகளுக்குப் பல்கலைக்கழகமே மாணவரின் ஆங்கிலத்தை மதிப்பிட்டு, விசாவுக்கான 'சிஏஎஸ்' ஆவணத்தில் குறிப்பிட முடியும். அதனாலதான் அங்கே சில பல்கலைக்கழகங்கள் இதை ஏற்குது. பட்டம் வாங்கி சில ஆண்டுகள் ஆகிட்டா ஏற்காத இடங்களும் உண்டு.

கடிதம் கொடுக்கும் முன் அட்மிஷன் ஆபீஸுக்கு மெயில் போட்டு ஒரு விஷயம் கேட்டுக்கோங்க. கல்லூரி முதல்வர் கையெழுத்து போதுமா, இல்ல பட்டம் தந்த பல்கலைக்கழகத்தின் சான்றே வேணுமா? பின்னதுன்னா மயிலாப்பூர்ல வேலை முடியாது, சேப்பாக்கத்துக்குப் போகணும். அதற்குத் தனி விண்ணப்பம், தனி நாள்கள். கடைசி தேதிக்கு முந்தின வாரம் இதைத் தெரிஞ்சுக்கிட்டா சிக்கல்தான்.