பாறைகள் சொன்ன சாட்சியும் வத்திக்கான் கேட்ட சாட்சியும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பாறைகள் இருக்கின்றன. புலியூர்க்குறிச்சியில் இருப்பது முட்டிடிச்சான் பாறை. 18ஆம் நூற்றாண்டில் வதைத்து இழுத்துச் செல்லப்பட்ட கைதி ஒருவர் தாகம் தாங்காமல் மன்றாடி முழங்கையால் பாறையை இடிக்க, அங்கே தண்ணீர் ஊறியது என்பது ஊர் நம்பிக்கை. இன்னொன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில். அதே கைதியைச் சுட்டுக் கொன்றபோது மேலிருந்து பெயர்ந்து விழுந்த பாறை அது என்கிறார்கள். தட்டினால் மணிபோல ஒலிக்கும். அதனால் மணியடிச்சான் பாறை.

அந்தக் கைதி தேவசகாயம். 2022 மே 15 அன்று வத்திக்கானில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியாவில் பிறந்த இல்லறத்தார் ஒருவர் இந்தப் பட்டம் பெற்றது அதுவே முதல் முறை. அந்த அறிவிப்புக்கு அடிப்படையாக இருந்த அற்புதம் இரண்டு பாறைகளில் எதுவுமே இல்லை. 2013-ல் ஒரு கர்ப்பிணியின் வயிற்றில் நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்வைத்தான் வத்திக்கான் எடுத்துக்கொண்டது. இருநூற்று அறுபது ஆண்டுகளாக மக்கள் கொண்டாடிய அற்புதங்களை விட்டுவிட்டு, ஏன் நேற்று நடந்ததைப் பிடித்துக்கொண்டார்கள்? அந்தத் தேர்வுக்குள்தான் கத்தோலிக்கத் திருச்சபையின் விசாரணை முறை முழுக்க அடங்கியிருக்கிறது.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடலாம். நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரசன் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனை அலுவலர். குளச்சல் போரில் 1741-ல் சிறைபிடிக்கப்பட்டுப் பின்னர் திருவிதாங்கூர் படையின் தளபதியான, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாயின் நட்பால் கிறிஸ்தவத்தை அறிந்தார். 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார். 1749-ல் கைதானார். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் அவமானப்படுத்தினார்கள். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். காட்டில் கிடந்த எலும்புகளை மக்கள் எடுத்து வந்து கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் பீடத்துக்கு முன்னால் அடக்கம் செய்தார்கள்.

கோட்டாற்று மக்களைப் பொறுத்தவரை வழக்கு அன்றே முடிந்துவிட்டது. கல்லறைக்கு வந்தார்கள், வேண்டினார்கள், நேர்ச்சை செலுத்தினார்கள். ரோமாபுரிக்குத்தான் வழக்கு அப்போது தொடங்கவே இல்லை.

மறைசாட்சி என்று ஒருவரை ஏற்க வேண்டுமானால் அவர் எப்படிச் செத்தார் என்பது மட்டும் போதாது. கொன்றவர் எதற்காகக் கொன்றார் என்று நிறுவ வேண்டும். விசுவாசத்தின் மீதுள்ள வெறுப்பால் கொன்றாரா, வேறு காரணத்துக்காகவா? செத்தவருடைய மனத்தைவிடக் கொன்றவருடைய மனமே இங்கே முக்கியமான ஆவணம். தேவசகாயம் விஷயத்தில் சிக்கல் அங்கேதான் இருந்தது. அவர் தண்டிக்கப்பட்டது மதம் மாறியதற்காக அல்ல, அரசத் துரோகத்துக்காக என்று வாதிட்ட வரலாற்றாசிரியர்கள் உண்டு. அந்த வாதத்தை மறுத்தவர்கள் காட்டிய சான்றுகளில் முக்கியமானது, கொச்சி ஆயர் 1756-ல் ரோமாபுரிக்கு அனுப்பிய அறிக்கை. கொலை நடந்து நான்கே ஆண்டுகளில் எழுதப்பட்டது. ஒரு கதை நூறு வருடம் கழித்து எழுதப்பட்டால் அது மரபு. நான்கு வருடத்தில் எழுதப்பட்டால் அது கிட்டத்தட்ட சாட்சியம். 2012 ஜூனில் பதினாறாம் பெனடிக்ட் அவரது மறைசாட்சியத்தை ஏற்றார். அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் ‘அருளாளர்’ பட்டம் வழங்கப்பட்டது. மறைசாட்சிக்கு இந்தப் படிவரை அற்புதம் தேவையில்லை, இரத்தமே சான்று என்பது விதி. புனிதர் பட்டத்துக்குத்தான் ஓர் அற்புதம் வேண்டும். அதுவும் அருளாளர் பட்டத்துக்குப் பிறகு நடந்ததாக இருக்க வேண்டும்.

இந்த ஒரு விதியிலேயே இரண்டு பாறைகளும் வெளியே போய்விட்டன. காலம் ஒரு தடை என்றால், சாட்சி இல்லாதது அதைவிடப் பெரிய தடை. தண்ணீர் ஊறுவதற்கு முன் அந்தப் பாறை எப்படி இருந்தது என்று பார்த்துச் சொல்ல இன்று ஆள் இல்லை. ‘முன்’, ‘பின்’ இரண்டுக்கும் ஆவணம் இருக்கும் நிகழ்வுதான் இந்த மன்றத்தில் வழக்காகவே ஏறும். அதனால்தான் அங்கே ஏற்கப்படும் அற்புதங்களில் மிகப் பெரும்பாலானவை நோய் குணமானவை. மருத்துவமனையில் கோப்பு இருக்கிறதல்லவா!

நோய் குணமானதை அற்புதமாக ஏற்பதற்கான விதிகளைத் தொகுத்தவர் ப்ரொஸ்பெரோ லாம்பெர்த்தினி. வழக்கில் குறை கண்டுபிடிப்பதையே வேலையாகக் கொண்ட ‘சாத்தானின் வழக்கறிஞர்’ பதவியில் பல ஆண்டுகள் இருந்தவர். 1730களில் பெரிய நூலாகவே எழுதிவிட்டார். நோய் கடுமையானதாக இருக்க வேண்டும். தானாகத் தணியும் கட்டத்தில் இருந்திருக்கக் கூடாது. மருந்து கொடுத்திருக்கக் கூடாது, கொடுத்திருந்தால் அது பலன் தரவில்லை என்று தெரிய வேண்டும். குணமானது சட்டென்று, முழுமையாக, திரும்பி வராதபடி நடந்திருக்க வேண்டும். இவர்தான் பிற்பாடு பதினான்காம் பெனடிக்ட் என்ற பெயரில் திருத்தந்தை ஆனார். 1756-ல் கொச்சி ஆயர் தன் அறிக்கையை அனுப்பியபோது அந்த நாற்காலியில் இருந்தவரும் இவரே.

2013 வழக்குக்கு வருவோம். ஒரு தாய்க்கு 24-வது வாரத்தில் கருவில் அசைவு இல்லை, இதயத் துடிப்பு இல்லை. குழந்தை இறந்துவிட்டது என்று மருத்துவர் சொல்கிறார். குடும்பம் தேவசகாயத்திடம் மன்றாடுகிறது. பிறகு தாய் அசைவை உணர்கிறார், துடிப்பு திரும்பக் கேட்கிறது, குழந்தை நலமாகப் பிறக்கிறது.

எந்த மகப்பேறு மருத்துவரும் இதைக் கேட்டதும் முதலில் கேட்பது, ‘இறந்தது என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்?’ என்பதுதான். கையில் பிடிக்கும் கருவியால் வயிற்றின் மேல் தேடித் துடிப்பு கேட்காமல் போவது அடிக்கடி நடக்கிறது. தாயின் உடல்வாகு, குழந்தை கிடக்கும் நிலை, பனிக்குட நீர் குறைவு என்று பல காரணங்கள். தாயின் நாடியையே குழந்தையுடையது என்று எடுத்துக்கொள்ளும் எதிர்ப்பிழையும் உண்டு. ஆகவே கருவின் மரணத்தை உறுதி செய்ய, ஸ்கேன் திரையில் இதயத்தையே நேராகப் பார்க்க வேண்டும், முடிந்தால் இரண்டாவது மருத்துவர் ஒருவரும் பார்க்க வேண்டும் என்பது மருத்துவ நெறி. இப்படிப்பட்ட வழக்கு நிற்பதும் விழுவதும் மன்றாட்டில் இல்லை, அந்த முதல் ஸ்கேனில்.

அதைச் சோதிக்கும் வழி நீளமானது. நிகழ்வு நடந்த மறைமாவட்டத்தின் ஆயர் விசாரணை மன்றம் அமைப்பார். தாய், உறவினர், சிகிச்சை அளித்த மருத்துவர்கள் என ஒவ்வொருவரும் சத்தியம் செய்து சாட்சி சொல்ல வேண்டும். மன்றத்திலேயே ஒரு மருத்துவர் அமர்ந்திருப்பார். குணமானவரை வேறு மருத்துவர்கள் தனியாகப் பரிசோதிப்பார்கள். கோப்புகள் முத்திரையிடப்பட்டு ரோமாபுரிக்குப் போகும். அங்கே ஏழு மருத்துவர்கள் கொண்ட குழு. 2016-ல் திருத்திய விதிப்படி ஏழில் குறைந்தது ஐவராவது ஆதரிக்க வேண்டும். ஒரே வழக்கை மூன்று முறைக்கு மேல் கொண்டுவரக் கூடாது. அந்த மருத்துவர்களுக்குக் கூலி வங்கி வழியாகத்தான் தர வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. ஏன் அப்படி எழுத நேர்ந்தது என்று நாமே ஊகிக்கலாம்.

அந்த ஏழு பேரிடம் ‘இது அற்புதமா?’ என்று யாரும் கேட்பதில்லை. நோய்க் கணிப்பு சரியா, இன்றைய மருத்துவ அறிவால் இந்தக் குணத்தை விளக்க முடியுமா என்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. கனடாவைச் சேர்ந்த இரத்தவியல் மருத்துவர் ஜாக்கலின் டஃபின் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். 1980களில் அவரிடம் எலும்பு மஜ்ஜை மாதிரிகள் சிலவற்றைக் கொடுத்து, யாருடையவை, எதற்காக என்று சொல்லாமலே படித்துத் தரச் சொன்னார்கள். கடுமையான இரத்தப் புற்றுநோய், ஒருமுறை தணிந்து மறுபடி வந்தது, மறுபடி தணிந்தது என்று வரிசையாக எழுதிக் கொடுத்தார். இந்நேரம் அந்த நோயாளி இறந்திருப்பார் என்றே நினைத்தார். அவர் உயிரோடு இருந்தார். மார்கரித் டியூவில் என்ற கனடியப் பெண்ணின் புனிதர் பட்ட வழக்கு அது, 1990-ல் பட்டம் கிடைத்தது. டஃபின் தன் நம்பிக்கையின்மையை மாற்றிக்கொள்ளவில்லை, தன் அறிக்கையையும் மாற்றவில்லை. பின்னர் வத்திக்கான் ஆவணங்களில் புகுந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட அற்புத வழக்குகளைப் படித்து நூல் எழுதினார்.

மருத்துவர்கள் ‘விளக்க முடியவில்லை’ என்றபின் கோப்பு இறையியலாளர்களிடம் போகும். அவர்கள் கேள்வி வேறு. யாரிடம் மன்றாடினீர்கள்? நம் ஊர்க் குடும்பங்களுக்கு இது மிகவும் கஷ்டமான கேள்வி. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் வேளாங்கண்ணிக்கு ஒரு நேர்ச்சை, அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவர்த்தி, போதாததற்குப் பக்கத்துத் தெருக் கோயிலில் ஒரு எலுமிச்சம்பழம். எல்லோரையும் கூப்பிட்டால் வந்தவர் யார் என்று நிரூபிக்க முடியாது. குறிப்பிட்ட அருளாளரையே முதன்மையாக அழைத்தார்கள் என்பது காட்டப்பட வேண்டும். அதன்பின் கர்தினால்களும் ஆயர்களும், இறுதியில் திருத்தந்தை. தேவசகாயத்தின் அற்புதத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2020 பிப்ரவரி 21 அன்று ஏற்றார்.

இந்த முறை தவறே செய்யாது என்று சொல்ல வரவில்லை. அன்னை தெரசாவின் அருளாளர் பட்டத்துக்கு ஏற்கப்பட்ட அற்புதம், 1998-ல் மேற்கு வங்கப் பழங்குடிப் பெண் ஒருவரின் வயிற்றுக் கட்டி கரைந்தது. அது புற்றுநோய் அல்ல, காசநோய்க் கட்டி, நாங்கள் கொடுத்த மருந்தில்தான் கரைந்தது என்று உள்ளூர் மருத்துவர் வெளிப்படையாகச் சொன்னார். லாம்பெர்த்தினி எழுதிய மருந்து விதியையே தொடும் ஆட்சேபம் இது. பட்டம் 2003-ல் வழங்கப்பட்டது. 1983 சீர்திருத்தத்தில் சாத்தானின் வழக்கறிஞரின் பழைய அதிகாரம் போய்விட்ட பிறகு, இப்படிப்பட்ட ஆட்சேபத்தை உள்ளேயிருந்தே உரக்க எழுப்பச் சம்பளம் வாங்கும் ஆள் இல்லை. அது ஒரு இழப்பு என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் மக்கள் நம்பிக்கைக்கு இங்கே வேலையே இல்லையா? இருக்கிறது, ஆனால் அளவாக. புனிதர் என்ற புகழ் மக்களிடையே இயல்பாகப் பரவியிருந்தால்தான் வழக்கையே தொடங்க முடியும். அதே சமயம், தீர்ப்புக்கு முன் ஒருவருக்குப் பொது வணக்கம் செலுத்தியிருந்தால் வழக்கு கெடும். எட்டாம் உர்பான் 17ஆம் நூற்றாண்டில் போட்ட தடை இது. விசாரணை மன்றம் கல்லறைக்கே போய்ப் பார்க்கும்: தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வரைந்த படம் இருக்கிறதா, பீடம் எழுப்பியிருக்கிறார்களா என்று. எலும்புகளுக்கும் தனி விதிகள் உண்டு. ஆயர் முன்னிலையில் மருத்துவ வல்லுநர் பரிசோதித்துப் பதிவு செய்ய வேண்டும். திருப்பண்டங்களை விற்பது முற்றாகத் தடை.

மக்கள் தங்கள் புனிதரை எப்படி வரையறுக்கிறார்கள் என்பது கடைசியில் பாறையிலோ ஸ்கேனிலோ வெளிப்படவில்லை, பெயரில் வெளிப்பட்டது. 2020 வரை வத்திக்கான் ஆவணங்களில் அவர் ‘தேவசகாயம் பிள்ளை’. எல்லாச் சாதியாரோடும் கலந்து உண்டதற்காகப் பகை சம்பாதித்த மனிதருக்குச் சாதிப் பின்னொட்டோடு புனிதர் பட்டமா என்று ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.ஜி. தேவசகாயம் உள்ளிட்டோர் ரோமாபுரிக்கு எழுதினார்கள். அந்தச் சொல் நீக்கப்பட்டது. 2022-ல் வாசிக்கப்பட்ட பெயரில் ‘பிள்ளை’ இல்லை. ஏழு மருத்துவர்களுக்கும் இறையியலாளர்களுக்கும் கர்தினால்களுக்கும் கண்ணில் படாத அந்தக் குறையைச் சுட்டிக்காட்டியவர்கள் அவரைத் தங்களவர் என்று நினைத்தவர்கள்தான்.