கிரீம் சுவரைப் படத்தில் பச்சையாக்குவது

பெயின்ட் கடைகளில் ஷேடு கார்டோடு சேர்த்து இப்போது கைப்பேசியிலும் கலர் காட்டுகிறார்கள். உங்கள் வீட்டு ஹாலை ஒரு படம் எடுத்துக் கொடுத்து, திரையில் சுவரைத் தொட்டால் போதும், கிரீம் சுவர் பச்சையாகிவிடும். டைல்ஸ் கடையில் இதேபோலத் தரை மாறும். படம் பார்த்துத் தேர்ந்தெடுத்த கலரை வீட்டில் அடித்து முடித்ததும், "படத்துல பார்த்ததை விட அடர்த்தியா இருக்கே" என்கிறார் வீட்டுக்காரர். "கார்டுல இருக்கிற அதே நம்பர்தான் சார் கலந்தோம்" என்கிறார் பெயின்டர். பல சமயம் இருவர் சொல்வதும் உண்மை. படத்தில் கலரை மாற்றும்போது எது மாறுகிறது, எது பழையபடியே நிற்கிறது என்று பார்த்தால் இந்தக் குழப்பம் தெளியும்.

ஒரே டப்பா பெயின்ட்டை அடித்த சுவர்கூடப் படத்தில் ஒரே நிறமாக விழாது. ஜன்னல் பக்கம் வெளிறியிருக்கும், மூலையில் மங்கியிருக்கும், ஃபேனுக்குக் கீழே நிழல் ஓடும். டிஜிட்டல் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை போகும். நம் ஹாலின் கிரீம் சுவரில் ஜன்னலோரப் புள்ளி 230, 220, 190 என்று பதிவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூலையில் அதே பெயின்ட் 110, 100, 80 ஆக இறங்கியிருக்கும். பெயின்ட் மாறவில்லை, அதன்மேல் விழுந்த வெளிச்சம்தான் மாறியிருக்கிறது. ஆனால் கேமரா இரண்டையும் பிரித்து எழுதிவைப்பதில்லை. பரப்பின் நிறமும் அதில் பட்ட ஒளியும் பெருக்கப்பட்டு ஒரே எண்ணாகத்தான் படத்துக்குள் வருகின்றன.

அந்தப் பெருக்கலைத் திரும்பப் பிரிப்பது கணினிப் பார்வைத் துறையின் பழைய கணக்கு. 1978-ல் ஹாரி பேரோ, ஜே மார்ட்டின் டெனன்பாம் என்ற இருவர் அதற்கு ஒரு வடிவம் கொடுத்தார்கள். ஒரு படத்தை, பரப்பின் நிறம் மட்டும் உள்ள படம், ஒளியும் நிழலும் மட்டும் உள்ள படம் என்பது போன்ற தனித்தனி அடுக்குகளாகப் பிரிக்க வேண்டும் என்றார்கள். பொதுவாக இது சுலபமான வேலையே இல்லை. ஒரு சாம்பல் புள்ளி, நிழலில் இருக்கும் வெள்ளையா, வெயிலில் இருக்கும் சாம்பலா என்று அந்தப் புள்ளியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. நல்லவேளையாக, பெயின்ட் அடித்த சுவரில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. சுவர் முழுக்க ஒரே பெயின்ட் என்று நமக்குத் தெரியும். ஆகவே அதற்குள் தெரியும் ஏற்ற இறக்கம் எல்லாம் ஒளியால் வந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். ஓதம் பூத்த சுவரில் மட்டும் இது தவறும். கறையையும் நிழல் என்று நினைத்து, புதுக் கலரிலும் அந்தக் கறையைக் கொண்டுவந்து வைத்துவிடும்.

இனி கணக்கு எளிது. பழைய கிரீமின் எண்கள் ஷேடு கார்டின்படி 240, 230, 200. புதிய பச்சை 144, 184, 140 என்று வைப்போம். புதியதைப் பழையதால் வகுத்தால் 0.6, 0.8, 0.7 வரும். சுவரின் ஒவ்வொரு புள்ளியையும் இந்த மூன்றால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். ஜன்னலோரப் புள்ளி 138, 176, 133 ஆகும். மூலைப் புள்ளி 66, 80, 56 ஆகும். இரண்டும் பச்சை, ஆனால் ஒன்று வெளிச்சத்தில் நிற்கும் பச்சை, மற்றது நிழலில் நிற்கும் பச்சை. ஃபேனின் நிழலும் பட்டியின் லேசான மேடு பள்ளமும் இருந்த இடத்திலேயே இருக்கும். இதைச் செய்யாமல் சுவர் முழுக்க 144, 184, 140 என்று ஒரே எண்ணை நிரப்பினால், பச்சைக் காகிதத்தைக் கத்தரித்து ஒட்டியது போல இருக்கும். எந்தச் செயலியானாலும் முதலில் மூலையைப் பாருங்கள். இரண்டு சுவர் சேரும் கோடு கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தால், அங்கே பெருக்கல் நடக்கவில்லை, நிரப்பல்தான் நடந்திருக்கிறது.

எது சுவர், எது சுவரில்லை என்று வரம்பு கட்டுவது அடுத்த வேலை. முன்பெல்லாம் தொட்ட இடத்திலிருந்து தொடங்கி, நிறம் ஒத்த புள்ளிகளையெல்லாம் சேர்த்துக்கொண்டே போவார்கள். கிரீம் சுவருக்கு முன்னால் கிரீம் திரைச்சீலை தொங்கினால் அதுவும் பச்சையாகிவிடும். ஆயிரக்கணக்கான அறைப் படங்களைக் காட்டிப் பழக்கிய இன்றைய நிரல்கள் திரைச்சீலையையும் சுவரையும் நன்றாகவே பிரிக்கின்றன. இடறல் ஓரத்தில்தான். சுவிட்ச் போர்டின் விளிம்பில் விழும் புள்ளியில் பாதி சுவர், பாதி பிளாஸ்டிக். அந்தப் புள்ளியில் சுவரின் பங்கை மட்டும் மாற்றத் தெரியாவிட்டால், போர்டைச் சுற்றி மெல்லிய கிரீம் கோடு ஒன்று மிஞ்சும். மணிபிளான்ட் இலைகள், ஜன்னல் கம்பிகள், டிவிக்குப் பின்னால் தொங்கும் வயர் ஆகிய இடங்களில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் உடனே தெரியும்.

வெளிர் சுவரை அடர் கலராக்குவதற்கும் அடர் சுவரை வெளிறவைப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. பழைய சுவர் 90, 30, 30 என்ற மெரூன், புதிதாக வேண்டியது அதே கிரீம் என்றால், பச்சை எண்ணை ஏறக்குறைய 7.7 மடங்கு பெருக்க வேண்டும். மங்கிய மூலையில் கேமரா பதியும் எண் எப்போதும் இரண்டு மூன்று அளவுக்கு முன்பின் ஆடும். மெரூனில் அது கண்ணுக்கே படாது. 7.7 மடங்கானதும் அந்த ஆட்டம் இருபதைத் தாண்டி, கிரீம் சுவர் முழுக்கப் பொரிப்பொரியாகத் தெரியும். அதை மறைக்கச் செயலி வழவழப்பாக்கினால், சுவரின் மேடு பள்ளமும் சேர்ந்தே போய்விடும். அடர் சுவர் உள்ள வீட்டில் வெளிர் கலரைப் படத்தில் பார்த்துத் தேர்ந்தெடுப்பதை நான் நம்பமாட்டேன்.

தரைக்கும் இதே பெருக்கல்தான், அதோடு கோணமும் சேர்ந்துகொள்கிறது. அறையின் தரையில் நான்கு புள்ளிகளைக் குறித்தால், நேர் மேலிருந்து பார்க்கும் டைல் வடிவத்தை, படத்தில் தெரிகிற சாய்வுக்கு வளைத்துவிடலாம். அளவுதான் பலமுறை பிசகும். அறையின் அகலம் 12 அடி, டைல் 2 அடி என்றால் குறுக்கே ஆறு டைல்கள் இருக்க வேண்டும். படத்தில் நான்குதான் தெரிகிறது என்றால் டைலைப் பெரிதாக்கிக் காட்டுகிறார்கள். அறையும் இருப்பதைவிடச் சின்னதாகத் தோன்றும். எண்ணிப் பார்க்க அரை நிமிஷம் ஆகாது.

இத்தனையும் சரியாக அமைந்தாலும் அந்த "அடர்த்தியா இருக்கே" வரத்தான் செய்யும். காரணம், சுவர் தன்மேல் விழும் ஒளியை வாங்கிக்கொள்வதோடு நிற்பதில்லை, அறைக்குத் திருப்பியும் கொடுக்கிறது. ஜன்னல் வழியே வந்த ஒளி ஒரு சுவரில் பட்டு, எதிர்ச் சுவருக்குப் போய், சீலிங்கில் பட்டு மறுபடி இறங்கி வருகிறது. நம் படத்தில் மூலையில் இருந்த வெளிச்சத்தில் பெரும்பங்கு இப்படித் தெறித்து வந்தது. அதைத் தெறிக்கவிட்டது கிரீம் சுவர். செயலி பெயின்ட்டைப் பச்சையாக்கியது. கிரீம் சுவர் கொடுத்த வெளிச்சத்தையோ அப்படியே வைத்துக்கொண்டது.

எவ்வளவு வித்தியாசம் வரும் என்று தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். பல ஷேடு கார்டுகளில் எல்ஆர்வி என்று ஓர் எண் இருக்கும். தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு எவ்வளவை அந்தக் கலர் திருப்பித் தருகிறது என்பதற்கான அளவு. மேலே சொன்ன கிரீமுக்கு அது 79 அளவில் வரும், பச்சைக்கு 42. ஹால் 12-க்கு 14 அடி, உயரம் 10 அடி. சீலிங் வெள்ளை, தரை நடுத்தர நிறம், கதவு ஜன்னலுக்கு நூறு சதுர அடி என்று கழித்துக்கொண்டால், அறை மொத்தமும் சராசரியாகத் திருப்பித் தருவது நூற்றுக்கு 65 பங்கு. நான்கு சுவரையும் பச்சையாக்கினால் அது 47 ஆகிறது. தெறிப்பு மேல் தெறிப்பாகக் கூட்டிக்கொண்டே போனால், உள்ளே வந்த ஒளி முதல் அறையில் 2.9 மடங்காகப் பெருகுகிறது, இரண்டாவதில் 1.9 மடங்குதான். ஜன்னலும் அதேதான், வெயிலும் அதேதான், ஆனால் அறையின் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. அந்தக் குறைவு படத்தில் எங்குமே இல்லை.

நிறமும் இதோடு கூடவே ஆழமாகும். பச்சைச் சுவரில் பட்ட ஒளி பச்சையாகி எதிர்ச் சுவரில் விழுகிறது. அங்கும் பச்சை என்பதால், இன்னொரு முறை வடிகட்டப்பட்டு இன்னும் பச்சையாகித் திரும்புகிறது. மூலைகளில் இது அதிகம். சீலிங்கின் ஓரங்களிலும் ஒரு பச்சைச் சாயல் ஏறும். படத்திலோ சீலிங் பழைய கிரீம் சாயலோடு நின்றுகொண்டிருக்கும். ஒரு சுவருக்கு மட்டும் அடர் கலர் அடிக்கிற பாணி இப்போது பரவலாக இருக்கிறதே, அங்கே படத்தை ஓரளவு நம்பலாம். மற்ற மூன்று சுவரும் பழையபடியே ஒளியைத் திருப்பித் தருவதால் கணக்கு பெரிதாக மாறாது. நான்கு சுவருக்கும் ஒரே கலர் என்றால், படத்தில் பிடித்த ஷேடுக்கு ஒன்றிரண்டு படி வெளிறியதை எடுப்பது என் பழக்கம்.

படம் எடுக்கும்போது சில சங்கதிகள். பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், டியூப் லைட்டை அணைத்துவிட்டு எடுங்கள். இரண்டு வகை வெளிச்சம் கலந்தால் சுவரின் ஒரு பாதி நீலச் சாயலாகவும் மறுபாதி மஞ்சளாகவும் விழும். ஜன்னலை நேரே பார்த்து எடுத்தால் அதையொட்டிய சுவர் 255-ஐ முட்டி வெறும் வெள்ளையாகிவிடும். அந்த இடத்தில் ஏற்ற இறக்கமே பதிவாகாததால், பெருக்கினாலும் தட்டையான ஒரு பட்டைதான் கிடைக்கும். பழைய பெயின்ட்டின் நம்பர் தெரியாத வீடுகளில், ஒரு வெள்ளை ஏ4 தாளைச் சுவரில் ஒட்டி அதையும் சேர்த்துப் படம் எடுக்கலாம். தாளிலும் அதையொட்டிய சுவரிலும் விழுவது ஒரே வெளிச்சம் என்பதால், இரண்டின் எண்களையும் வகுத்தாலே பழைய கலரின் அளவு தெரிந்துவிடும். கடைக்காரர் இதையெல்லாம் கேட்கமாட்டார். செயலி சுவரின் நடுவில் ஏதோ ஓர் இடத்தைப் பார்த்து உத்தேசமாக எடுத்துக்கொள்ளும்.

படத்தால் காட்ட முடியாத தெறிப்பைப் பார்க்க, பிடித்த ஷேடில் இருக்கிற சின்ன டப்பாவாக ஒன்றை வாங்கி, 2 அடி சதுர அட்டை இரண்டில் இரண்டு கோட் அடியுங்கள். காய்ந்ததும் ஒன்றைச் சுவரில் தனியாகச் சாய்த்துவைத்துப் பாருங்கள். பிறகு இரண்டையும் அறையின் மூலையில், ஒன்றையொன்று பார்க்கும்படி ஆளுக்கொரு சுவரில் நிறுத்துங்கள். அட்டைகள் சேரும் இடத்தில் பச்சை சட்டென்று ஆழமாகத் தெரியும். நான்கு சுவரும் அடித்த பிறகு உங்கள் மூலைகள் அந்த நிறத்துக்குத்தான் போகும்.