முதல் பகடை உருளுமுன்: செஷன் ஜீரோ

ஒரு புதிய கேம்பெய்னைத் தொடங்குமுன் குழுவினர் கூடிப் பேசும் கூட்டத்துக்கு செஷன் ஜீரோ என்று பெயர். 1974இல் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற விளையாட்டுகளில் ஒருவர் டன்ஜன் மாஸ்டராக இருந்து கதையின் உலகத்தையும், அதில் எதிர்ப்படும் மனிதர்களையும் அரக்கர்களையும் நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். செய்தது பலிக்குமா என்பது சந்தேகமானால் பகடை முடிவு செய்யும். இப்படி வாரந்தோறும் கூடி ஒரே கதையை மாதக்கணக்கில் நடத்துவதுதான் கேம்பெய்ன். அடுத்து என்ன நடக்கும் என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. அதனால் எந்த மாதிரிக் கதை, எதெல்லாம் வரக்கூடாது, யார் எதை எதிர்பார்க்கலாம் என்ற மூன்றையும் முன்கூட்டியே பேசிக்கொள்கிறார்கள்.

2016இல் வெளியான ‘கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்’ என்ற சாகசத்தை ஒரு டன்ஜன் மாஸ்டரும் நான்கு ஆட்டக்காரர்களும் ஆடப்போவதாக வைத்துக்கொள்வோம். பரோவியா என்ற பள்ளத்தாக்கை மூடுபனி சூழ்ந்திருக்கிறது. உள்ளே வந்தவர் வெளியேற முடியாது. அதை ஆள்பவன் ஸ்ட்ராட் என்ற ரத்தக்காட்டேரி.

முதலில் பேச வேண்டியது கதையின் தொனி. ‘இது திகில் கதை’ என்று மட்டும் சொன்னால் போதாது. ஒருவர் கோட்டைக்குள் புகுந்து காட்டேரியை வெட்டிச் சாய்க்கும் வீரக்கதையை நினைத்திருப்பார். இன்னொருவர் மெல்ல மெல்ல நம்பிக்கை கரையும் கதையை நினைத்திருப்பார். ஆகவே டன்ஜன் மாஸ்டர் பிடிபடும்படி சொல்ல வேண்டும்: ஊர்மக்கள் பயந்து வாழ்கிறார்கள், ஸ்ட்ராட் ஆரம்பத்திலேயே எதிரில் வந்து நிற்பான், அப்போது ஓடுவதுதான் புத்திசாலித்தனம். இதைக் கேட்டபின், எதற்கும் பாட்டுக் கட்டிச் சிரிக்க வைக்கும் பாணனை ஆட நினைத்தவர் பாத்திரத்தை மாற்றிக்கொள்ளலாம். அல்லது அவன் பயத்தை மறைக்கவே பாடுகிறான் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது எல்லைகள். ரான் எட்வர்ட்ஸ் என்ற வடிவமைப்பாளர் வகுத்த ‘லைன்’, ‘வெய்ல்’ என்ற இரு பிரிவுகள் இதற்குப் பரவலாகப் பயன்படுகின்றன. லைன் போட்ட விஷயம் கதையில் வரவே வராது. வெய்ல் போட்டது நடக்கலாம். ஆனால் விவரிக்காமல் காட்சி அதைத் தாண்டிப் போய்விடும். இந்தச் சாகசத்தில் பழைய காற்றாலை ஒன்றில் சூனியக்காரிகள் குழந்தைகளின் எலும்பை மாவில் கலந்து பலகாரம் செய்கிறார்கள். கதையின் ரகசியத்தை உடைக்காமலிருக்க, டன்ஜன் மாஸ்டர் காற்றாலையைப் பற்றி எதுவும் சொல்லாமல், ‘குழந்தைகளுக்குத் தீங்கு, பிறர் மனத்தை வசியம் செய்வது, அடைத்து வைப்பது’ என்று கருக்களை மட்டும் பட்டியலிடுவார். கைக்குழந்தையுள்ள ஒருவர் முதலாவதற்கு வெய்ல் கேட்டால், ஆலையில் நடப்பதை யாரும் கண்ணால் காண மாட்டார்கள். அவரே லைன் கேட்டால் குழந்தைகள் கதையிலிருந்தே நீங்குவார்கள். சூனியக்காரிகள் அந்தப் பலகாரத்துக்கு ஈடாகப் பெரியவர்களின் கனவுகளையும் நினைவுகளையும் பறிப்பதாக மாற்றலாம். காரணம் கேட்கக் கூடாது; கேட்டால் அடுத்தவர் வாய் திறக்கமாட்டார்.

எல்லா மாற்றமும் சாத்தியமில்லை. வசியம் செய்வதற்கு ஒருவர் லைன் போட்டால், ஸ்ட்ராடின் முக்கியமான ஆற்றலே போய்விடும். அப்போது வேறு சாகசத்தைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

‘எனக்கு எதுவும் பிரச்சினையில்லை’ என்று எல்லோரும் ஒரே மூச்சில் சொன்னால், கேள்வி சரியாகப் போய்ச் சேரவில்லை என்று பொருள். பெயரில்லாத துண்டுச்சீட்டில் எழுதி வாங்கினால் உண்மையான பதில் வரும். அப்படியும் விட்டுப்போனவற்றுக்கு, ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டு உதவும். எக்ஸ் குறி போட்ட அட்டை மேசை நடுவில் இருக்கும். யாராவது அதைத் தொட்டால், அப்போது வந்த விஷயம் விளக்கம் கேட்காமலே நீக்கப்படும்.

மூன்றாவது, எதிர்பார்ப்புகள். எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம், ஒருவர் வராவிட்டால் ஆட்டம் நடக்குமா, நடந்தால் அவருடைய பாத்திரத்தை யார் பார்த்துக்கொள்வது என்பவற்றை முடிவு செய்ய வேண்டும். பாத்திரத்தின் சாவைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். பரோவியாவில் அது எளிதில் நேரும். செத்தவருடைய ஆட்டக்காரர் புதிய பாத்திரத்தோடு எப்போது திரும்பலாம் என்பது அன்றே தெரிந்திருக்க வேண்டும். ஒரு பாத்திரம் இன்னொன்றிடம் திருடலாமா, காட்டிக்கொடுக்கலாமா என்பதும் அப்படித்தான்.

இவை முடிந்தபின் பாத்திரங்களைச் சேர்ந்து உருவாக்குவார்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மற்றொன்றோடு ஒரு பழைய தொடர்பு இருந்தால், பனிக்குள் அவர்கள் ஒன்றாக நடப்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. முடிவானவற்றை ஒரே பக்கத்தில் எழுதி எல்லோரிடமும் ஒரு பிரதி கொடுப்பது வழக்கம். யார் எந்த லைனைக் கேட்டார் என்று அதில் குறிப்பதில்லை. புதியவர் ஒருவர் சேரும்போதும், கதை எதிர்பாராத திசையில் திரும்பும்போதும் அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்துத் திருத்திக்கொள்வார்கள்.